நாங்கள் தவறவிட்ட நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை: கோயில், சபை நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நேட்டாலில் கோயில்களையும் தமிழ்ச் சபைகளையும் நடத்திவரும் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், என்னைப் போலக் கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டும் பொருளாளர்களுக்கும் வணக்கம்.

சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் கோயில் மண்டபத்துக்குத் திருட்டு எச்சரிக்கை மணியும் ஆயுதக் காவலும் வேண்டும் என்று 2025 ஜனவரி 20 அன்று ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம். கையெழுத்து என்னுடையது. "ஒரு வருடத் திட்டம்தான் ஐயா, மாதம் 1,200 ராண்ட், பிடிக்கவில்லை என்றால் வருட முடிவில் நிறுத்திவிடலாம்" என்றார் வந்த விற்பனையாளர். அவர் பொய் சொல்லவில்லை. எப்போது நிறுத்தச் சொல்லவேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது நான்காம் பக்கத்தின் பின்புறம், வெளிர் சாம்பல் நிறத்தில், அரிசி மணியைவிடச் சிறிய எழுத்தில் இருந்தது.

அந்த ஆண்டு இரண்டு முறை மணி அடித்தது. இரண்டு முறையும் காவலர் வந்து சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. எதிர்வீட்டு அம்மா அதற்குள் வந்து, கதவைப் பார்த்து, எங்களுக்குத் தொலைபேசியில் சொல்லி முடித்திருந்தார். ஆகவே நவம்பர் 25 அன்று, புதுப்பிக்க விருப்பமில்லை என்று கடிதம் அனுப்பினோம். ஒப்பந்தம் முடிய இன்னும் 69 நாட்கள் இருந்தன. மூன்று நாளில் பதில் வந்தது: காலம் கடந்துவிட்டது, ஒப்பந்தம் 2027 பிப்ரவரி 2 வரை தானாகவே நீண்டுவிட்டது, நன்றி.

அன்று இரவு உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்கார்ந்து படித்தேன். இரண்டு வாக்கியங்கள்தாம். ஒன்றைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'தொடக்க நாளிலிருந்து பன்னிரண்டு மாதம், அது முடிவதற்கு 120 நாட்களுக்கு மேற்படாமலும் 90 நாட்களுக்குக் குறையாமலும் எழுத்து மூலம் அறிவிப்புத் தராவிட்டால், மேலும் பன்னிரண்டு மாதம், இவ்வாறே ஒவ்வொரு முறையும்.'

இதைப் பிரித்துப் பாருங்கள். தொடக்க நாள் என்பது நான் கையெழுத்திட்ட நாள் அன்று. வரையறைப் பகுதியில் 'கருவி பொருத்தி முடிக்கப்பட்ட நாள்' என்று இருக்கிறது. பொருத்தியது பிப்ரவரி 3. ஆகவே கடைசி நாள் 2026 பிப்ரவரி 2. அதிலிருந்து 90 நாள் பின்னே எண்ணினால் 2025 நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை. 120 நாள் எண்ணினால் அக்டோபர் 5. ஆக, நாங்கள் விலக முடிந்த சன்னல் அந்த ஒரு மாதம் மட்டுமே திறந்திருந்தது. அந்த மாதத்தில் என்ன இருந்தது? புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமை, அக்டோபர் 20 தீபாவளி, 27 சூரசம்ஹாரம். கோயில் குழு எதுவும் அந்த நாட்களில் ஒப்பந்தக் கோப்பைத் திறக்காது. யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. தைப்பூசத்துக்கு முன் காவல் வேண்டும் என்று அவசரப்பட்டு ஜனவரியில் கையெழுத்திட்டால், அறிவிப்புக் காலம் புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும்தான் வந்து விழும்.

நாள் என்றால் எந்த நாள் என்பதையும் அதே வரையறைப் பகுதிதான் சொல்லும். எங்களுடையது நாட்காட்டி நாள். 'அலுவல் நாள்' என்று இருந்தால் சனி, ஞாயிறு, பொது விடுமுறை எல்லாம் கழிந்துவிடும். 90 அலுவல் நாள் என்பது நான்கு மாதத்துக்கும் மேல். 'மூன்று முழு மாதம்' என்று இருந்தாலும் கவனம் தேவை: 4ஆம் தேதி கொடுத்த அறிவிப்பு அடுத்த மாதம் 1ஆம் தேதியிலிருந்துதான் கணக்கில் சேரும் என்று அவர்கள் வாதிட இடம் இருக்கிறது.

இரண்டாவது வாக்கியம் விலையைப் பற்றியது. 'ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 1 அன்று கட்டணம் 10 விழுக்காடோ பணவீக்க அளவோ, இரண்டில் எது அதிகமோ அந்த அளவுக்கு உயரும்.' இதில் இரண்டு முள் இருக்கின்றன. உயர்வு, ஒப்பந்தத்தின் ஆண்டு நிறைவு நாளில் வருவதில்லை. மார்ச் 1இல் வருகிறது. கருவி பொருத்தி நான்கு வாரம் முடியும் முன்பே 1,200 ராண்ட் 1,320 ஆகிவிட்டது. 2026 மார்ச்சில் 1,452. 'ஆண்டுக்குப் பத்து விழுக்காடு' என்று சொல்லப்பட்டது பதின்மூன்று மாதத்துக்குள் இருபத்தொரு விழுக்காடு ஆனது. இதன்மேல் 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி. விற்பனையாளர் சொன்ன தொகையில் அது சேரவில்லை, வரிப்பதிவு இல்லாத எங்களைப் போன்ற சபைக்கு அது திரும்பக் கிடைப்பதும் இல்லை. வேண்டாம் என்று நாங்கள் சொன்ன இந்த இரண்டாம் ஆண்டுக்கு ஆகும் செலவு ஏறத்தாழ 19,900 ராண்ட்.

மற்ற முள் 'எது அதிகமோ' என்ற சொல். பணவீக்கம் என்ற சொல்லைக் கண்டதும் நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் 2024இல் இந்த நாட்டின் சராசரிப் பணவீக்கம் 4.4 விழுக்காடு. அதைவிடப் பத்துதான் அதிகம், ஆகவே பத்துதான் கணக்கு. அந்த வாக்கியத்தில் பத்து என்பது கூரை அன்று, தரை. விலைவாசி எகிறும் ஆண்டில் அதற்கும் மேலே போகும், அடங்கும் ஆண்டில் கீழே வராது. பத்து விழுக்காடு ஆண்டுதோறும் ஏறினால் எட்டாவது உயர்வில் கட்டணம் இரட்டிப்பைத் தாண்டிவிடும். ஆறு விழுக்காடாக இருந்தால் அதற்குப் பன்னிரண்டு உயர்வு வேண்டும்.

"சட்டம் இருக்கிறதே, புகார் கொடுக்கலாமே" என்றார் எங்கள் தலைவர். அவர் வீட்டு இணைய இணைப்பில் இதே தகராறு வந்து, சட்டத்தைக் காட்டி வென்றவர். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 14ஆம் பிரிவு. தனி மனிதர் ஒருவர் குறித்த கால ஒப்பந்தம் செய்தால், அது முடிவதற்கு 80 முதல் 40 அலுவல் நாட்களுக்குள் நிறுவனமே அவருக்கு எழுதி, 'முடியப்போகிறது, தொடர்ந்தால் விலையில் இன்ன மாற்றம், உங்களுக்குள்ள வழிகள் இவை' என்று தெரிவிக்க வேண்டும். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒப்பந்தம் மாதம் மாதமாகத்தான் தொடரும். இன்னோர் ஆண்டுக்குத் தானாகக் கட்டிப்போடாது. இடையிலேயே விலக நினைத்தாலும் 20 அலுவல் நாள் எழுத்து அறிவிப்பு போதும், நியாயமான ஒரு ரத்துக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வரலாம்.

இதே பிரிவின் முதல் வரியைத் தலைவர் படிக்கவில்லை, படிக்கவேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. சட்டப்பூர்வ அமைப்புகள் இரண்டு தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அவற்றின் வருமானம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் சரி. 'சட்டப்பூர்வ அமைப்பு' என்பதில் சங்கமும் கூட்டாண்மையும் அறக்கட்டளையும் அடங்கும் என்று அதே சட்டம் வரையறுக்கிறது. ஆகவே தலைவருடைய வீட்டுக்கு உள்ள காப்பு, அவர் தலைமை தாங்கும் கோயிலுக்கு இல்லை. சட்டத்தின் மற்றப் பிரிவுகளை நாடலாம் என்றால், அமைப்பின் ஆண்டு வருமானமோ சொத்து மதிப்போ 20 லட்சம் ராண்டை எட்டிவிட்டால் அந்த வழியும் அடைபடும். உண்டியல் வருமானம் சிறிதுதான். மண்டபமும் மனையும் அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

அப்படியானால் கோயிலுக்காகத் தனிப்பட்ட பெயரில் கையெழுத்திடலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். மாதக் கடனை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள். சொல்லப்போனால், சில படிவங்களில் சபையின் சார்பில் கையெழுத்திடுபவரே ஜாமீன்தாரரும் ஆகிறார் என்று ஒரு வரி ஏற்கெனவே இருக்கும். அதைத் தேடிப் பார்த்து அடியுங்கள்.

கையில் மிஞ்சுவது ஒப்பந்தத் தாள் மட்டுமே. ஆகவே உங்களிடம் நான் கேட்பது கையெழுத்துக்கு முந்தைய கால் மணி நேரத்தை. புதுப்பிப்பு வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, 'பன்னிரண்டு மாதம் முடிந்தபின் மாதம் மாதமாகத் தொடரும், 30 நாள் அறிவிப்பில் இரு தரப்பும் விலகலாம்' என்று எழுதுங்கள். 'எது அதிகமோ' என்பதை 'எது குறைவோ' என்று மாற்றுங்கள்; முதல் உயர்வு பன்னிரண்டு மாதம் முடியும் முன் வராது என்று சேருங்கள். திருத்திய ஒவ்வோர் இடத்திலும் இரு தரப்பும் சுருக்கொப்பம் இடவேண்டும், உங்கள் பிரதியிலும். இந்த ஆண்டு எங்கள் ஒளிநகல் இயந்திர வாடகையில் இப்படித்தான் செய்தோம். வந்தவர் முகம் சுளித்தார், அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார், பிறகு ஒப்பமிட்டார். விலையில் விட்டுக்கொடுக்காதவர்கள் புதுப்பிப்பு வரியில் விட்டுக்கொடுப்பதை அங்கேதான் கண்டேன்.

ஏற்கெனவே கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் இருந்தால் இப்போதே எடுத்துப் படியுங்கள், பொதுக்குழுக் கூட்டம் வரை காத்திருக்காதீர்கள். பழைய குழு புதிய குழுவிடம் சாவியையும் வங்கிக் கணக்கையும் ஒப்படைக்கிறது. ஒப்பந்தக் கோப்பு யார் வீட்டு அலமாரியிலோ தங்கிவிடுகிறது. எங்கள் ஒப்பந்தத்தில் கடிதப் போக்குவரத்துக்கான முகவரி, ஜோகனஸ்பர்க்குக்குக் குடிபெயர்ந்துவிட்ட முன்னாள் செயலாளருடைய வீடு. நிறுவனம் அங்கே எதை அனுப்பினாலும் எங்களுக்கு முறைப்படி தெரிவித்ததாகவே ஆகும். முகவரி மாற்றத்தையும் எழுத்தில்தான் கொடுக்கவேண்டும். போன மாதம் கொடுத்தேன்.

கோபத்தில் டெபிட் ஆர்டரை நிறுத்திவிடலாம் என்று எங்கள் குழுவில் ஒரு தம்பி சொன்னார். வங்கி நிறுத்தும். ஒப்பந்தம் நிற்காது. பாக்கி ஏறி, வசூல் வழக்கறிஞர் கடிதத்தோடு வட்டியும் வந்து சேரும்.

எங்கள் இரண்டாம் ஆண்டு 2027 பிப்ரவரி 2இல் முடிகிறது. சன்னல் மறுபடி இந்த அக்டோபர் 5, திங்கட்கிழமை திறந்து, நவம்பர் 4, புதன்கிழமை மூடும். தீபாவளி இம்முறை நவம்பர் 8. கடிதம் இரண்டு பிரதியாகத் தயாராக இருக்கிறது. முன்கூட்டியே அனுப்பினால் '120 நாட்களுக்கு மேற்படாமல்' என்ற வரியைக் காட்டி மறுப்பார்கள் என்பதால் மேசை இழுப்பறையில் காத்திருக்கிறது. 5ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு பிரதியில் தேதி முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் திரும்புவேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் கோயில் ஒன்றின் பொருளாளர்