பொங்கல் அழைப்பிதழ்: உறை எழுதுபவர்கள் கவனத்திற்கு

வணக்கம். மயூர் விஹார் வீடுகளுக்கான உறைகளில் பெயர் எழுதும் வேலை நாளை தொடங்குகிறது. இந்த முறை பட்டியலில் பஞ்சாபிக் குடும்பங்கள் நிறைய. குர்ப்ரீத், ஹர்ஜீத், மன்ப்ரீத் எல்லாம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வைக்கும் பெயர்கள். பின்னால் சிங் இருந்தால் பெரும்பாலும் ஆண், கௌர் இருந்தால் பெண். வெறும் ‘குர்ப்ரீத் கில்’ என்றிருந்தால் ஊகிக்க வேண்டாம். மிஸ்டர், மிசஸ் போடாமல் ‘குர்ப்ரீத் கில் ஜி’ என்றே எழுதுங்கள். தில்லியில் ஜி இருபாலாருக்கும் செல்லும்.

நம் ஆட்களிலும் சிக்கல் உண்டு. ‘லட்சுமி நாராயணன்’ ஓர் ஆணின் முழுப்பெயராக இருக்கலாம். நாராயணனின் மகளோ மனைவியோ ஆன லட்சுமியாகவும் இருக்கலாம். படிவங்களுக்காக இனிஷியலை விரித்து எழுதியிருப்பார். பழைய சந்தா நோட்டில் ‘நா. லட்சுமி’ என்று இருந்தால் விஷயம் தெளிவு. இல்லையென்றால் திரு, திருமதி இல்லாமல் ‘லட்சுமி நாராயணன் அவர்களுக்கு’ போதும். ‘மிஸ்டர் நாராயணன்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அழைப்பு லட்சுமியின் அப்பாவுக்கோ கணவருக்கோ போய்விடும்! (இங்கே கூரியர்காரர்கள் வழக்கமாகச் செய்கிற கூத்துதான் இது.)

அப்புறம், சந்தேகமான உறைகளை ஒட்டாமல் தனியே வையுங்கள். அந்தந்த பிளாக் பொறுப்பாளர் வீட்டில் கேட்டுச் சொல்வார்.