மே மாதம் அம்மாவுக்கும் எனக்கும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் சுகம். மழை விட்டபாடில்லை, அட்டனில் துணி காய்ந்து ஒரு வாரமாகிறது. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போன் எடுத்தால் நீ அம்மாவோடு இரண்டு நிமிஷம் பேசிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுகிறாய். குறை சொல்லவில்லை. மிலானில் வேலை எப்படியென்று எங்களுக்கும் தெரியும். மாப்பிள்ளையைத்தான் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. முன்பெல்லாம் பின்னாலிருந்து கையசைத்து "சாவ், அப்பா" என்பார். அவரும் சுகம்தானே?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வருகிற மே மாதத்தோடு எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம். கோயிலில் வாக்குறுதியைப் புதுப்பிக்கலாம் என்று ஃபாதரிடம் பேசியிருக்கிறேன். ஐம்பதுக்கு வைக்கலாமே என்று பூண்டுலோயா மாமா சொன்னார். திருச்சபைப் புத்தகத்திலும் இருபத்தைந்து, ஐம்பது, அறுபது என்ற பெரிய நிறைவுகளைத்தான் எடுத்துச் சொல்லியிருக்கிறதாம், ஆனாலும் நாற்பதுக்குச் செய்யத் தடையில்லை என்றார் ஃபாதர். இன்னும் பத்து வருஷம் காத்திருக்க எனக்கு மனமில்லை. காரணம் அம்மாவின் காது.

இடது காது அனேகமாகப் போய்விட்டது. வலதுக்கு மிஷின் வைத்திருக்கிறாள். இதை அவள் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள், நான் சொன்னதாகவும் காட்டிக்கொள்ளாதே. இதில் ஒன்றைக் கவனித்தேன். சத்தமில்லாத அறையில் தமிழோ சிங்களமோ இரண்டும் அவளுக்கு ஒன்றுதான். குசினியில் தண்ணீர் ஓடும்போதோ, பஸ்ஸிலோ, பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லாரும் பேசிக்கொண்டு நிற்கும்போதோ தமிழில் சொன்னால் பாதி நழுவிவிடுகிறது. அதையே சிங்களத்தில் சொன்னால் பிடித்துக்கொள்கிறாள். காது டாக்டரிடம் கேட்டேன். தாய்மொழியில் பேசும்போது காதில் விழாத பாதியை மனம் தானாக நிரப்பிக்கொள்ளும், பிறகு படித்த பாஷையில் அவ்வளவு சுலபமாக நிரப்பாது, சத்தம் கூடக்கூட அந்த வித்தியாசம் தெரியும் என்றார். நாற்பது வருஷமாக நம் வீட்டில் தமிழ் பேசிய மனுஷி. தோட்டத்துத் தமிழில் பாட்டியையே வாயடைக்க வைத்தவள். இப்போது என் பேச்சு அவளுக்கு அரைகுறையாகத்தான் போய்ச் சேர்கிறது என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

1986இல் அவள் வாக்குறுதி சொன்னதும் தமிழில்தான். உனக்குத் தெரிந்த கதைதான், 83 கலவரம் கழிந்து மூன்றே வருஷம், அம்மாவின் ஊரான வஹகோட்டேயிலிருந்து நெந்தாவைத் தவிர யாரும் வரவில்லை. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டே சம்மதம் கேட்கத் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது, சிங்களத்திலேயே சொல்லலாம் என்று அப்போதிருந்த ஃபாதர் சொல்லிப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை. அர்த்தத்தை ஒரு சிஸ்டரிடம் சிங்களத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, சொற்களைத் தமிழில் மனப்பாடம் செய்துகொண்டு வந்து நின்றாள். "வாழ்நாளெல்லாம்" என்ற இடத்தில் ழகரத்தை அவள் எவ்வளவு கவனமாக உச்சரித்தாள் என்பது இன்னும் காதில் இருக்கிறது. இந்தத் தடவை நான் அவளுடைய பாஷையில் சொல்கிறேன். அவள் திரும்பவும் தமிழில்தான் சொல்வாளாம்.

இப்படிச் செய்கிறவர்கள் அனேகம் பேர் ஓரிடத்தில் பிழை விடுகிறார்களாம், எனக்கும் இது புதிதாக இருந்தது. கல்யாணத்தன்று சொன்ன அதே வாசகத்தை, "உன்னை என் மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன்" என்று, திரும்ப எழுதிக்கொண்டு வருவார்களாம். ஃபாதர் அதை எடுத்துவிடுவாராம். அந்தச் சம்மதம் ஒரு தடவை கொடுத்தால் கொடுத்ததுதான், அது கெட்டுப்போகவில்லை, திரும்பக் கொடுக்க ஒன்றுமில்லை. புத்தகத்தில் உள்ள வாசகம் கடவுளைப் பார்த்துச் சொல்வது: ஆண்டவரே நீர் போற்றப்படுவீராக, உமது தயவால் இவளை என் மனைவியாக ஏற்றுக்கொண்டேன், என்ற கருத்தில். அம்மா அவளுடையதைச் சொல்வாள். பிறகு இருவரும் சேர்ந்து, நல்ல காலத்திலும் கெட்ட காலத்திலும் பக்கத்தில் நின்றதற்கு நன்றி சொல்லி, தொடர்ந்து உண்மையாக இருக்க உதவி கேட்க வேண்டும். வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள் மனதுக்குள் புதுப்பித்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. அதன்பின் மோதிரங்களுக்கு மேல் ஒரு செபம். பழைய மோதிரமே போதும். அம்மாவின் விரல் வீங்கியிருப்பதால் அவளுடையதை நகைக்கடையில் கொடுத்துப் பெரிதாக்கியிருக்கிறேன். பதிவுகாரரிடம் போகிற வேலை இல்லை, புதுச் சான்றிதழும் கிடையாது, 1986இல் எழுதியதே செல்லும்.

பூசைக்குள் சொல்கிற வாசகத்தை நாமாக எழுதிக்கொள்ள முடியாது. ஆயர்கள் அனுமதித்த வாசகம் சிங்களத்திலும் தமிழிலும் இருப்பதைத்தான் வாசிக்க வேண்டும். அது ஏட்டுச் சிங்களம், "நான்" என்று வருகிற வினைச்சொல் எல்லாம் "மி"யில் முடியும். பார்த்து வாசித்துவிடுவேன், பயமில்லை. என் சொந்தச் சொற்களை அப்புறம் மண்டபத்தில், சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லச் சொல்லியிருக்கிறார். அதைத்தான் பல நாளாக எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏனென்றால் எனக்குத் தெரிந்த சிங்களம் ஒஃபிஸ் சிங்களம். செக்ரோல், கொழுந்து நிறை, லொறி வந்ததா, இவ்வளவும் மணிமணியாக வரும். அம்மாவிடம் சொல்கிற சொல் அதில் இல்லை. முதலில் எழுதியதில் "ஒப" என்று போட்டிருந்தேன், அழைப்பிதழ்களிலும் பாட்டுகளிலும் அப்படித்தானே வரும். வாசித்துப் பார்த்தால் மேடையில் யாருக்கோ நன்றியுரை சொல்வதுபோல் இருந்தது. வீட்டில் அவள் என்னை "ஒயா" என்பாள், நானும் அப்படியே எழுதினேன். "வெமி", "கனிமி" எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பேசுகிறமாதிரியே வைத்துவிட்டேன். காது குறைந்தவளுக்கு நீண்ட வாக்கியமும் ஆகாது. ஒரு மூச்சில் ஒரு வாக்கியம், பிறகு நிறுத்தி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், வலது பக்கமாக நிற்க வேண்டும், மைக்கை வாய்க்கு முன்னால் பிடித்து மறைக்கக் கூடாது. அவள் பாதியை உதட்டைப் பார்த்துத்தான் எடுக்கிறாள்.

கடைசி வாக்கியம் இது: "ஸெபேதீத் துகேதீத் மங் ஒயா லங்க இன்னவா." சுகத்திலும் துக்கத்திலும் உன் பக்கத்தில்தான் இருப்பேன். உனக்கு நான் அர்த்தம் சொல்லத் தேவையில்லை. சிக்கல் எங்கேயென்றால், நான் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படிக்கிறேன். தமிழ் எழுத்தில் "துகே" என்று எழுதினால் முதல் எழுத்து மென்மையாக வர வேண்டும் என்பது தெரியாது, அதனால் அப்படி வரும் எழுத்துகளுக்கெல்லாம் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன். "லங்க"வில் அந்த ங் வந்ததும் தெரியாமல் போக வேண்டும், நான் அழுத்திவிடுகிறேன். மோசமானது முதல் சொல். அது "ஸெ"யும் இல்லை, "ஸ"வும் இல்லை, பேங்க் என்று சொல்லும்போது வாய் அகலுமே, அந்த ஓசை. வாய் அகலாமல் "ஸப" என்று விழுந்தால் அது கடிப்பது என்றாகிவிடும். அத்தனை பேர் முன்னால் அம்மாவுக்கு அப்படியொரு சொல் போய்விடக் கூடாது.

அம்மாவிடமே கேட்டுப் பார்த்தேன். நான் எப்படிச் சொன்னாலும் "ஹரி, ஹரி" என்கிறாள். அவளிடம் திருத்தம் எதிர்பார்க்க முடியாது. ஆகவே மகள், நீ எனக்கு ஒரு உதவி செய். இதோடு நான்கு வரிகளையும் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். முதலில் மெதுவாக ஒரு தடவை, பிறகு நீ அம்மாவோடு சாதாரணமாகப் பேசுகிற வேகத்தில் ஒரு தடவை, வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பு. ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக அனுப்பினால் நல்லது, திருப்பித் திருப்பிக் கேட்கலாம். நானும் சொல்லி அனுப்புகிறேன், தயவு பாராமல் திருத்து. இரண்டு பாஷையும் ஒரே வாயில் தடையில்லாமல் வருகிற பிள்ளை நீ. அதை நினைத்து நான் பெருமைப்படாத நாளில்லை. அந்த ஊருக்குப் போய் இரண்டே வருஷத்தில் மூன்றாவது பாஷையிலும் வேலைக்குப் போய்விட்டாய்.

அவருடைய பாஷையை நீ படித்தாய். அவர் உன்னுடையதில் என்ன படித்தார் என்று நான் கேட்கவில்லை. "சோறு நல்லம்" என்று ஒரு தடவை சொன்னாரே, அம்மா அதை இன்னும் எல்லாரிடமும் சொல்கிறாள். நான் சொல்வது இவ்வளவுதான், வீட்டில் ஒருத்தர் மட்டும் எப்போதும் அடுத்தவர் பாஷைக்குப் போய்க்கொண்டிருந்தால் களைத்துப்போவார். களைத்தால் பேச்சு குறையும். நீ போனில் பேசுவது குறைந்திருக்கிறது. வேலைதான் காரணம் என்றால் எனக்கு நிம்மதி. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, தலை நனைந்தபடி வெளியே போகாதே, போனை இரண்டு நிமிஷத்தில் வைக்காதே.

பூசை சனிக்கிழமை பின்னேரம். பைபிள் வாசகங்கள் தமிழில், ஒரு பாட்டு சிங்களத்தில். நெந்தாவை வஹகோட்டேயிலிருந்து கூட்டி வர வேன் பேசியிருக்கிறேன், இந்தத் தடவை அவளுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வருகிறார்கள். முன் அறையில் பெரிய கட்டிலைப் போட்டு, ஜன்னல் பிளந்திருந்ததையும் சரிபண்ணிவிட்டோம். மாப்பிள்ளைக்குக் குளிரென்றால் இன்னொரு கம்பளி இருக்கிறது. அவருக்கு லீவு கிடைக்குமா என்று அம்மா தினமும் கேட்கிறாள், நான் தெரியாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

டிக்கெட் ஒன்றா இரண்டா என்பதை மட்டும் எனக்குத் தனியாக எழுது. ஒன்று என்றாலும் வா. ஒன்று என்றால் கேள்வி எதுவும் வராது, அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா