தாதா என்றால் அண்ணன்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். குறுவை நடவு முடிந்துவிட்டது.

லைப்சிக்கில் கீழ்வீட்டுப் பாட்டி படிக்கட்டில் எதிர்ப்படும்போதெல்லாம், ஜெர்மன் தப்பாக வந்துவிடுமோ என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவதாகப் போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. இந்த வருஷம் நம் வயலில் நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

உள்ளூரில் நடவாள் கிடைக்கவில்லை. மேற்கு வங்காளத்து முர்ஷிதாபாத்திலிருந்து 12 பேர் வந்து, நம் பம்புசெட் கொட்டகையில் பத்து நாள் தங்கினார்கள். அக்கம்பக்கத்து வயல்களையும் அவர்களே நட்டார்கள். கூட்டிவந்த மேஸ்திரி அன்றைக்கே அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது.

முதல் நாள் காலையில் டீத்தூக்கோடு வரப்பில் போய் நின்றேன். நெஞ்சைத் தொட்டு, "நா... நா... வீட்டுக்காரம்மா" என்றேன். எல்லார் முகமும் வாடிவிட்டது. கையிலிருந்த நாத்து முடியைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர்கள் பாஷையில் "நா" என்றால் "இல்லை, வேண்டாம்" என்று அர்த்தமாம். வேலை வேண்டாம் என்று சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். உன் சித்தப்பா உரக்கச் சொன்னால் விளங்கும் என்று கத்தப்போக, திட்டுகிறார் என்று இன்னும் ஒதுங்கினார்கள். அப்போது எனக்கு வந்த யோசனை ஒன்றுதான். பேச்சை நிறுத்திவிட்டு, டம்ளரில் டீ ஊற்றி, வலது கையால் முதல் ஆளிடம் நீட்டினேன். முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். அவர் வாங்கிக் குடித்த பிறகு மற்றவர்களும் வந்தார்கள்.

மறுநாள் போகும்போது ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு போனேன். கூத்தாநல்லூர் பாய் கடையில் காலமெல்லாம் கேட்ட சொல்தான், "அஸ்ஸலாமு அலைக்கும்". குனிந்து நட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்துவிட்டார்கள்! மூத்தவர் கைச்சேற்றைக் கைலியில் துடைத்து, உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, லேசாகத் தலை தாழ்த்திப் பதில் சலாம் சொன்னார். பெண்பிள்ளையிடம் கை நீட்டவில்லை, அதுதான் அவர்கள் மரியாதை. நானும் அப்படியே நெஞ்சில் கை வைத்தேன். ஓரத்தில் நின்ற இரண்டு பேர் மட்டும் கைகூப்பினார்கள். பன்னிரண்டு பேரும் ஒன்றல்ல என்று அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து இரண்டு வணக்கமும் வைத்தேன்.

அவர்கள் உன் அப்பாவை "தாதா" என்று கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது, தாத்தா என்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். தெருப்பையன்களோ ரவுடியைத்தான் சொல்கிறார்கள் என்றார்கள். மேஸ்திரி வந்தபோது கேட்டோம். தாதா என்றால் அண்ணனாம், தீதி என்றால் அக்காவாம். அதற்கப்புறம் அப்பா அந்த மூத்தவரைத் "தாதா" என்று கூப்பிட ஆரம்பித்தார். அவர் சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

நாலாம் நாள் கொட்டகைச் சாவியைக் கொடுத்தேன். "சாவி" என்றேன். "சாபி!" என்றார் ஒருவர். பிறகு அவரே ஜன்னலைக் காட்டி "ஜானாலா" என்றார், நான் "ஜன்னல்" என்றேன். அன்றைக்கு முழுக்க அதுதான் எங்களுக்குப் பேச்சு. நாகப்பட்டினத்திலும் வங்காளத்து ஹூக்ளியிலும் 400 வருஷத்துக்கு முன்பே போர்த்துகீசியர் இருந்தார்கள், இவை அவர்கள் சொற்கள் என்று அப்பா சொன்னார். சாவியும் ஜன்னலும் இரண்டு பக்கமும் தங்கிவிட்டன, பார்.

ஒரே ஒரு விஷயம் உனக்கு இங்கிருந்து ஒத்துவராது. நாம் சரி என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். வங்காளத்துப் பிள்ளைகளும் தலையைச் சாய்த்துத்தான் சம்மதம் சொன்னார்கள், அதனால் எங்களுக்குள் குழப்பமில்லை. ஜெர்மனியில் அதை "இல்லை" என்று எடுத்துக்கொள்வார்கள். பாட்டியிடம் மேலும் கீழும் ஆட்டு. படியில் ஒரு நிமிஷம் நின்று, கண்ணைப் பார்த்து, "குட்டன் டாக்" என்று சொல். அவர் பதிலுக்கு நீளமாகப் பேசினால் பாதியில் ஓடாதே, கேட்டுக்கொண்டு நில். கதவு மணிக்குப் பக்கத்தில் குடும்பப்பெயர் இருக்கும் என்று நீதானே சொன்னாய், அதைப் படித்து, மரியாதைக்கு முன்னால் "ஃப்ராவ்" சேர்த்துக் கூப்பிடு.

இஞ்சிக்கு அங்கே "இங்வர்" என்று போன மாதம் சொன்னாயே, அது நம் இஞ்சிவேர்தான் சுற்றிச்சுற்றி அங்கே போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இஞ்சி டீ போட்டு ஒரு கப் கீழே கொண்டுபோய், அந்தச் சொல்லை மட்டும் சொல்லிப் பார். பாட்டி பெயரை எப்படி உச்சரிப்பது என்று அடுத்த போனில் எனக்கும் சொல்லிக்கொடு.

அன்புடன்,
அம்மா