வடித்த எண்ணெயும் பத்து ரூபாய்ப் பொட்டலமும்

விருதுநகர்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பெரியவளுக்குப் பேறுகாலம் நல்லபடியாக முடிந்த செய்தியை வீட்டில் மூன்று முறை படித்துக் காட்டிவிட்டேன். பங்குனிப் பொங்கலுக்குக் குழந்தையோடு வாருங்கள் என்று அம்மா சொல்லச் சொன்னார்கள்.

தொழில் விஷயத்தில் நீ எழுதியிருந்தது மனதில் சுற்றிக்கொண்டே இருந்தது. எண்ணெய் விலை ஏறியதும் முறுக்கை நன்றாக வடித்து எண்ணெய்ச் செலவைக் குறைத்தாய். ஆனாலும் மாதக் கடைசியில் முன்பைவிடக் குறைவாகத்தான் கையில் நிற்கிறது என்கிறாய். இது எனக்கும் நடந்தது. காரணம் புரிய எனக்கு நான்கு மாதம் பிடித்தது. உனக்கு அத்தனை நாள் ஆக வேண்டாம் என்றுதான் கணக்கோடு எழுதுகிறேன்.

10 கிலோ மாவு பிசைந்தால் எனக்கு முன்பு 13.7 கிலோ முறுக்கு வரும். அதில் 4 கிலோ எண்ணெய். வடிப்பதில் கவனம் வைத்த பிறகு எண்ணெய் 3.4 கிலோவாக இறங்கியது. கிலோ 150 ரூபாய் என்றால் 90 ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் தராசில் முறுக்கும் 13.1 கிலோதானே நின்றது! கடைகளுக்கு கிலோ 240 ரூபாய்க்குப் போடுகிறேன். குறைந்த 600 கிராமுக்கு 144 ரூபாய் வரவு போயிற்று. ஆக 10 கிலோ மாவுக்கு 54 ரூபாய் நட்டம். முறுக்கு குடித்த எண்ணெயை நாம் முறுக்கு விலைக்கே விற்றுக்கொண்டிருந்தோம். உன் பணம் போன வழி இதுதான்.

அதற்காக வடிப்பதை விட்டுவிடாதே. எண்ணெய் மிகுந்த முறுக்கு சீக்கிரம் காறிப்போகும், கவரிலும் எண்ணெய் படியும். நீ எப்படி வடிக்கிறாய் என்று எழுதவில்லை. வாணலியில் கிடக்கும்போது உள்ளிருந்து ஆவி வெளியே தள்ளுவதால் எண்ணெய் அதிகம் நுழையாது. வெளியே எடுத்துச் சூடு இறங்கும்போதுதான் மேலே ஒட்டியிருப்பதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால் ஜல்லிக்கரண்டியை வாணலிக்கு மேலேயே பிடித்து உதறி, உடனே கம்பி வலையில் பரப்பிவிட வேண்டும். அகலப் பாத்திரத்தில் குவித்துவைத்து, ஆறிய பிறகு காகிதத்தில் ஒற்றி எடுப்பதில் பெரிய பலனில்லை. வாணலி கொள்ளாமல் போட்டால் சூடு இறங்கிவிடும், வேக நேரமாகும், அதுவும் எண்ணெயைக் குடிக்கவைக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எண்ணெய் குறைந்த முறுக்கு எடையிலும் குறைவு. என் பத்து ரூபாய்ப் பொட்டலத்தில் நான்கு முறுக்கு இருக்கும், ஒன்று 8 கிராம், மொத்தம் 32 கிராம். வடித்த பிறகு அதே அச்சு, அதே சுற்று, அதே நான்கு முறுக்கு, எடை மட்டும் 30 கிராமுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. எடை சரியாக வர வேண்டுமே என்று உடைந்த துண்டுகளைச் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது, கவரில் 30 கிராம் என்று அச்சிட்டால் போதும். வாங்குகிற பிள்ளைகளுக்கு ஒரு கடி முறுக்கு கூடக் குறையவில்லை, எண்ணெய்தான் குறைந்திருக்கிறது. கடைக்காரர் எனக்கு ஒரு பொட்டலத்துக்கு 8 ரூபாய் தருகிறார். 32 கிராமாக இருந்தபோது கிலோவுக்கு 250 ரூபாய் வந்தது, இப்போது 30 கிராம் கணக்கில் 266 வருகிறது.

பத்து ரூபாய்ப் பொட்டலம் வாங்குபவர் விலையைத்தான் மனதில் வைத்திருக்கிறார். பிள்ளைகள் உள்ளே எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறார்கள். அதனால் பத்தை பன்னிரண்டு ஆக்காதே, நான்கை மூன்றும் ஆக்காதே. நம் கடைக்கே வந்து அரைக் கிலோ வாங்குபவர் கதை வேறு. அவருக்கு அரைக் கிலோ என்பதுதான் அளவு, அதில் கைவைத்தால் ஏமாற்றியதாகவே நினைப்பார். அவரிடம் விலையைத்தான் ஏற்ற வேண்டும். எண்ணெய், உளுந்து, கேஸ், கூலி எல்லாம் சேர்ந்து எனக்கு கிலோவுக்கு ஏறியது 20 ரூபாய். அதில் எண்ணெயின் பங்கு 9 ரூபாய்க்குள்தான். எண்ணெய் விலை கால் பங்கு ஏறிவிட்டது என்று முறுக்கு விலையையும் கால் பங்கு ஏற்றத் தேவையே இல்லை. அரைக் கிலோவை 150லிருந்து 160 ஆக்கினேன். தீபாவளிக்கு முன்னால் செய்யாமல், கூட்டம் ஓய்ந்த பிறகு, ஒரு வாரம் முன்பே பலகையில் எழுதி வைத்துச் செய்தேன். இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்று அடிக்கடி ஏற்றாதே, ஒவ்வொரு தடவையும் அவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

பழைய கவர் எத்தனை இருப்பு வைத்திருக்கிறாய்? 32 கிராம் என்று அச்சடித்த கவரில் 30 கிராம் போட்டால் எடைக்குறைவுக் குற்றம். கூடுதல் விலை ஸ்டிக்கர் ஒட்டவும் சட்டம் விடாது, குறைத்த விலைக்கு மட்டுமே ஒட்டலாம். அதனால் பழைய கவர் தீரும்வரை 32 கிராமே போடு. அடுத்த தடவை எடை, விலை இடங்களை வெற்றாக விட்டு அச்சடித்து, தேதியோடு சேர்த்து நீயே முத்திரையிட்டுக்கொள். ஒரு கிராம் என்ன விலை என்பதும் கவரில் இருக்க வேண்டும். அது 31 காசிலிருந்து 33 காசு ஆனது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கடைக்காரரிடம் நீயே முதலில் சொல்லிவிடு.

உளுந்தைக் குறைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். 2022இல் எண்ணெய் எகிறியபோது நான் 10 கிலோவில் 2 கிலோவாக இருந்த உளுந்து மாவை 1 கிலோ ஆக்கினேன். முறுக்கு கட்டிப்பட்டுப் போயிற்று, கடித்தால் நொறுங்கவில்லை. யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மூன்றாவது வாரம் கடைகளிலிருந்து பொட்டலங்கள் திரும்பி வந்தன. வழக்கமாக வரும் ஒரு அம்மா பேரனுக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி நின்றுவிட்டார். கைப்பக்குவத்தைத் திருப்பிய பிறகும் அவர் வர ஆறு மாதம் ஆயிற்று. அந்தக் காலம் நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. மூலப்பொருள் விலை ஏறும், இறங்கும். 2024 செப்டம்பரில் இறக்குமதியாகும் சுத்திகரிக்காத பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கு அடிப்படை வரியை 20 சதவீதம் ஆக்கினார்கள், 2025 மே கடைசியில் அதையே 10 ஆக்கினார்கள். அந்த எட்டு மாதத்துக்காக ருசியை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்.

எண்ணெயில் உண்மையான மிச்சம் வேண்டுமென்றால், நீ கழித்துக் கொட்டுகிற எண்ணெயைப் பார். ஒவ்வொரு ஈடு எடுத்ததும் அடியில் கிடக்கும் மாவுத்தூளை அரித்தெடு. அது கருகித்தான் எண்ணெய் சீக்கிரம் கறுத்து நுரைக்கிறது. ஈடு இல்லாத நேரத்தில் அடுப்பைக் குறைத்துவை.

ஒரு வாரம், பிசைகிற மாவு, ஊற்றுகிற எண்ணெய், கழிக்கிற எண்ணெய், இறங்குகிற முறுக்கு நான்கையும் எடை போட்டு எழுதி அனுப்பு. இருவரும் சேர்ந்து கணக்குப் பார்ப்போம். வரும்போது உன் முறுக்கு அரைக் கிலோ கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்