டம்ளரைக் கழுவ விடாத சிஸ்டருக்கும் மற்றவர்களுக்கும்

என் மகளுக்குத் தலசீமியா மேஜர், உடம்பு தானாகப் போதுமான ரத்தத்தை உண்டாக்க முடியாத பிறவி நோய். வயது 11. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு பை ரத்தம் ஏற்றுகிறோம். போன வருடம், உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ரத்தச் சோதனை எண்ணான ஃபெரிட்டின் அவளுக்கு எகிறியபோது எங்களோடு நின்றவர்களுக்கு நேரில் சரியாக நன்றி சொல்ல வாய்க்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி முகம் தெரியாத ரத்தக் கொடையாளர்களுக்கு. அவர்கள் தந்த ஒவ்வொரு பையிலும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. வருடத்துக்கு 17 பை என்றால் 3.4 கிராம். பெரியவர் ஒருவரின் உடம்பிலேயே மொத்த இரும்பு ஏறக்குறைய அவ்வளவுதான். இரும்பை வெளியேற்ற நம் உடம்புக்குத் தனி வழி கிடையாது. நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் தானாகக் கழியும், மீதியெல்லாம் கல்லீரலிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் சேரும். அதைப் பிடித்து வெளியே கொண்டுபோகத்தான் டெஃபராசிராக்ஸ் மாத்திரை.

அவள் 18 கிலோ இருந்தபோது தினம் 400 மில்லிகிராம் என்று எழுதித் தந்தார்கள். ரத்தம் ஏற்றுவது உள்ளூரில், மாத்திரைச் சீட்டு வேறு ஊர் மருத்துவமனையில். நான் பழைய சீட்டையே காட்டிக் காட்டி இரண்டு வருடம் வாங்கினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபெரிட்டின் பார்த்து, என் மாமனார் நோட்டில் குறித்து வைத்தார்: 1,400, 1,900, 2,600. ஆயிரத்துக்குக் கீழே இருக்க வேண்டியது. 2,500-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் இதயத்துக்கு ஆபத்து கூடும் என்று எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். மாத்திரை வேலை செய்யவில்லை என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த நோட்டை வாங்கிப் பார்த்த டாக்டர், எண்ணைப் பற்றிப் பேசாமல் முதலில் பிள்ளையை எடை மேடையில் ஏற்றினார். 24 கிலோ. கிலோவுக்கு 22 மில்லிகிராமாக இருந்த மருந்து 17-க்கும் கீழே இறங்கியிருந்தது. பிள்ளை வளர்ந்தாள், மருந்து வளரவில்லை.

அப்புறம் சிஸ்டர் கேட்டார்: "எப்படிம்மா குடுக்கிறீங்க? இங்கேயே செஞ்சு காட்டுங்க." கரைத்துக் கொடுத்தேன், பிள்ளை குடித்தாள், நான் டம்ளரைக் கழுவ எழுந்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். அடியில் வெள்ளையாக ஒரு படிவு. அதுவும் மருந்துதான். இது முழுசாகக் கரையும் மாத்திரை இல்லை. கலங்கித்தான் நிற்கும். கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுழற்றி அதையும் குடிக்க வைக்க வேண்டுமாம். எத்தனை நாள் மருந்தைத் தொட்டியில் ஊற்றினேனோ! பாலில் கரைக்காமல் தண்ணீரிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ கரைக்கவும், வெறும் வயிற்றில் கொடுத்து அரை மணி நேரம் கழித்துச் சாப்பாடு போடவும் அவர்தான் பழக்கினார்.

அதே மாதம் காய்ச்சல், வாந்தி. அந்த நேரத்தில் எடுத்த ஃபெரிட்டின் 4,100! அழுதுகொண்டே டாக்டருக்கு போன் செய்தேன். காய்ச்சலிலும் தொற்றிலும் இரும்பு கூடாமலே ஃபெரிட்டின் ஏறும் என்றார் அவர். அந்த எண்ணை வைத்து அளவைக் கூட்ட மறுத்தார். வாந்தியால் உடம்பில் நீர் குறைந்திருந்ததால் சிறுநீரகத்தைக் காக்க மாத்திரையையே சில நாள் நிறுத்தச் சொன்னார். நானாக இரண்டு மாத்திரை கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த போனை எடுத்ததற்கு மட்டும் தனியாக ஒரு நன்றி. நோட்டில் மாமனார் 4,100-க்குப் பக்கத்தில் 'காய்ச்சல்' என்று எழுதி வட்டமிட்டார். உடம்பு தேறி ஐந்து வாரம் கழித்துப் பார்த்தபோது 2,650.

அதன் பிறகுதான் 600 மில்லிகிராம் ஆக்கினார்கள். மூன்று மாதம் கழித்து 750. ஒவ்வொரு மாதமும் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கல்லீரல் சோதனை, சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்தில், ரத்தம் ஏற்றும் முன்பு ஃபெரிட்டினுக்கு எடுத்து, மறுகுத்து இல்லாமல் முடித்துத் தந்த ஆய்வகத் தம்பிக்கும் நன்றி.

ஃபெரிட்டின் இதயத்தைப் பற்றி நேராக ஒன்றும் சொல்லாது, அது குறைவாக இருக்கும்போதே இதயத்தில் இரும்பு இருக்கலாம் என்பதால், உறுப்பில் சேர்ந்த இரும்பை அளக்கும் எம்.ஆர்.ஐ. டி2 ஸ்டார் ஸ்கேன் எடுத்தோம். மயக்க மருந்து இல்லாமல் அவளை அசையாமல் படுக்க வைக்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று விடுகதை போட்ட அண்ணனை அவள் இன்னும் கேட்கிறாள். இதயத்தில் 31 மில்லிநொடி வந்தது. 20-க்குக் கீழே போனால்தான் கவலை. கல்லீரலில் இரும்பு நடுத்தரமாக இருந்தது.

நோட்டில் இப்போது 2,650-க்குக் கீழே 2,450, 2,100, 1,650. அடுத்தது தை மாதக் கடைசியில் எடுக்க வேண்டும். டம்ளரை இப்போது அவளே சுழற்றிக் குடிக்கிறாள், என்னைத் தொட விடுவதில்லை.