கெமிஸ்ட்ரி மிஸ்ஸுக்கும் இன்னும் சில பேருக்கும் ஒரு நன்றி

நேத்தோட முழு ஆண்டு பரீட்சை முடிஞ்சுது, கையில இன்னும் இங்க் கறை போகல, அதுக்குள்ள எழுதிடணும்னு தோணுச்சு. ஏன்னா ரெண்டு நாள் போனா எனக்கு வெக்கம் வந்துரும், அப்புறம் எழுதவே மாட்டேன். ஆகஸ்ட்ல நடந்தது உங்க எல்லாருக்கும் தெரியும், அந்த ரெண்டு வாரத்தைப் பத்தி திரும்பப் பேச வேணாம்.

அம்மா, பக்கத்து வீட்டு பிஎட் படிக்கிற அக்கா, நான் ஸ்கூலுக்கு வராத நாளெல்லாம் நோட்ஸ் எழுதி பஸ் ஸ்டாப்ல நின்னு குடுத்த என் பெஞ்ச் பிரண்டு, ஒண்ணுமே கேக்காம டெய்லி முன்னாடி சீட்ல எனக்கு இடம் போட்டு வச்ச பஸ் பொண்ணுங்க, எல்லாருக்கும் சேத்து நன்றி. நீங்க கோச்சிக்க மாட்டீங்கன்னு தெரியும். மிச்ச இடம் மிஸ்ஸுக்கு.

முதல்ல அந்த அலாரம் கதையை சொல்லிடறேன். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம் படிச்சுட்டு ப்ளஸ் ஒன்ல இங்கிலீஷ் மீடியத்துக்கு வந்தவ நான், அதுக்கு முன்னாடியே வாயைத் திறக்காதவ, இப்ப சுத்தமா மூடியாச்சு. ஜூன்ல அக்கா தான் அம்மா போன்ல டெய்லி காலைல 7.40க்கு ஒரு ரிமைண்டர் போட்டு குடுத்தாங்க. ஸ்கிரீன்ல "இன்னைக்கு கிளாஸ்ல தைரியமா பேசு"ன்னு வரும். அந்நேரம் அம்மா எனக்கு ஜடை பின்னிட்டு இருப்பாங்க, அலாரம் அடிச்ச உடனே அதைத் தெருவுக்கே கேக்கற மாதிரி சத்தமா படிப்பாங்க. எதிர் வீட்டு தாத்தா கூட "என்னம்மா, பேசினியா"ன்னு சாயங்காலம் கேக்க ஆரம்பிச்சுட்டார். பேசல தாத்தா. ஜூன் பேசல, ஜூலை பேசல. பேசினா டிக் போடலாம்னு தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளையெல்லாம் எடுத்து வச்சிருந்தேன், ஒரு தாள்ல கூட டிக் இல்ல. உண்மைய சொன்னா அந்த ரிமைண்டர் என்னை இன்னும் மோசமாக்குச்சு. "தைரியமா பேசு"ன்னா எப்ப, எந்த பீரியட்ல, என்னத்த பேசறது? நாள் முழுக்க இப்பவா இப்பவான்னு வயித்தைக் கலக்கும், சாயங்காலம் ஆனா இன்னைக்கும் தோத்துட்டோம்னு இருக்கும்.

ஆகஸ்டுக்கு அப்புறம் திரும்பி வந்தப்ப தான் மிஸ்ஸோட ஒரு பழக்கத்தைக் கவனிச்சேன். அவங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்னு பேரு, நானும் பயந்துட்டு தான் இருந்தேன். ஆனா மிஸ் கேள்வி கேட்டுட்டு சாக்பீஸைக் கீழ வச்சுட்டு கையில இருக்கற பொடியைத் தட்டுவாங்க. மெதுவா, முதல்ல வலது கை, அப்புறம் இடது கை. யாரையும் பாக்க மாட்டாங்க, ஜன்னல் பக்கம் பாப்பாங்க. எனக்கு அது தான் பெருசு. யாராவது என் மூஞ்சியைப் பாத்து "நீ சொல்லு"ன்னா எனக்குத் தெரிஞ்சதும் மறந்துரும். மத்த பீரியட்ல எல்லாம் கேள்வி முடியறதுக்குள்ள முதல் பெஞ்ச் பதில் சொல்லிடும், இல்லன்னா சாரே சொல்லிடுவார். நான் மனசுக்குள்ள கேள்வியைத் தமிழ்ல மாத்தி, பதிலை யோசிச்சு, அதைத் திருப்பி இங்கிலீஷ்ல கோத்து முடிக்கறதுக்குள்ள கிளாஸ் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும். இங்க மட்டும் எனக்கு ஒரு நாலு நொடி மிச்சம் இருந்துச்சு.

அக்காகிட்ட சொன்னேன். அன்னைக்கே ரிமைண்டரை மாத்திட்டாங்க. "கெமிஸ்ட்ரி பீரியட்ல மிஸ் கையைத் தட்டும்போது கை தூக்கு." அவ்ளோதான். தைரியம் எல்லாம் கிடையாது, கை மட்டும். அம்மாவுக்கு இது படிக்கவே புரியல, இருந்தாலும் சத்தமா படிச்சாங்க.

ஒரு செவ்வாய்க்கிழமை கடைசி பீரியட், சரியா ராகு காலத்துல (அம்மா இன்னைக்கு வரைக்கும் இதை நம்ப மாட்டேங்கறாங்க), மோல் கணக்கு ரிவிஷன். "88 கிராம் கார்பன் டை ஆக்சைடுல எத்தனை மோல்?" மிஸ் சாக்பீஸை வச்சாங்க, வலது கை, இடது கை. என் கை அதுவா மேல போயிடுச்சு, எழுந்துட்டேன், காது ரெண்டும் சுடுது, "நாலு மிஸ்"னேன். தப்பு. பின்னாடி யாரோ சிரிச்சாங்க. மிஸ் தப்புன்னும் சொல்லல, உக்காருன்னும் சொல்லல, அடுத்தவளைக் கேக்கவும் இல்ல, திரும்ப ஒரு தடவை கையைத் தட்டிட்டு நின்னாங்க. அந்த இடைவெளில தான் எனக்கே தெரிஞ்சுது, நான் 22.4ஐ 22ன்னு வச்சுக்கிட்டு 88ஐ அதால வகுத்துட்டேன். 22.4ங்கறது வாயுவோட லிட்டர் கணக்குல வர்ற நம்பர், எடைக்கு அது கிடையாது. கார்பனுக்கு 12, ஆக்சிஜன் ரெண்டுக்கு 32, மொத்தம் 44. "இல்ல மிஸ், நாப்பத்திநாலால வகுக்கணும், ரெண்டு மோல்"னு தமிழ்லயே சொல்லிட்டேன். மிஸ் "எங்க மாத்தின, எல்லாருக்கும் சொல்லு"ன்னாங்க. சொன்னேன். என் வாழ்க்கைலயே கிளாஸ்ல நான் பேசின நீளமான வாக்கியம் அது தான். அந்தத் தாள்ல முதல் டிக்.

அக்கா அப்புறம் சொன்னாங்க, இதை அவங்க பாடத்துலயே படிக்கறாங்களாம். மேரி பட் ரோ னு அமெரிக்காவுல ஒரு அம்மா, 1970கள்லயே வகுப்பறைகளை டேப்ல பதிவு பண்ணிப் பாத்திருக்காங்க. டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு பொதுவா ஒரு நொடி தான் காத்திருக்காங்களாம். அதையே மூணு நொடி ஆக்கினா பிள்ளைங்க பதில் நீளமாகுது, பேசாம இருக்கறவங்களும் பேசறாங்க. பதில் வந்ததுக்கு அப்புறமும் காத்திருக்கணுமாம், அப்ப தான் சொன்னதைத் திருத்தி மேல சொல்லுவாங்களாம். மிஸ் இதைப் படிச்சுட்டு செஞ்சாங்களா, இல்ல நிஜமாவே அவங்களுக்குக் கையில பொடி இருந்தா புடிக்காதா, இன்னும் நான் கேக்கல.

அதுக்கப்புறம் எல்லாம் நேராயிடல. அக்டோபர்ல ஒன்பது நாள் தொடர்ந்து டிக் இல்ல, அந்தச் சிரிப்பு நைட்டு படுத்தா காதுல கேக்கும். மேத்ஸ் பீரியட்ல இந்த வருஷம் முழுக்க நான் ஒரு வார்த்தை பேசல, அங்க காத்திருக்கற இடமே கிடையாது. பயாலஜில மட்டும் டிசம்பர்ல ஒரு டவுட் கேட்டேன், பதில் சொல்றதை விட டவுட் கேக்கறது ஈஸின்னு அப்ப தான் தெரிஞ்சுது, கேள்வி தப்பா போகாதுல்ல. பொங்கல் லீவ் முடிஞ்சு வந்தப்புறம் ஒரு வாரம் அலாரமே அடிக்கல, அம்மா போன் ரிப்பேர்ல இருந்துச்சு. அந்த வாரத் தாள்ல மூணு டிக். அலாரம் இல்லாமயே கை தூக்கியிருக்கேன்னு சனிக்கிழமை தாளை எண்ணும்போது தான் பாத்தேன்.

மிஸ், இதை யாராவது உங்களுக்குக் காட்டுவாங்கன்னு நினைக்கறேன். நேர்ல சொல்ல இன்னும் வரல, சாரி. லீவுல நம்ம தெரு வாண்டுங்க நாலு பேருக்கு வாய்ப்பாடு சொல்லித் தரேன். அதுல ஒருத்தி அப்படியே நான், கேட்டா தலையைக் குனிஞ்சுக்குவா. இன்னைக்குக் காலைல அவகிட்ட "ஏழெட்டு எவ்ளோ"ன்னு கேட்டேன். என்கிட்ட சாக்பீஸ் இல்ல, அதனால கொலுசைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சு மனசுக்குள்ள எண்ணினேன், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. "அம்பத்திநாலு"ன்னா. நான் நிமிரல, இன்னொரு கொலுசையும் சரி பண்ணேன்.