அப்பாவுக்கு என்ன வாங்க வேண்டும்

ஒசாகா

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, வயிற்றுப்போக்குதான் இன்னும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே ஜப்பானில் என்ன வாங்குவார்கள் என்று கேட்டாயே, சொல்கிறேன்.

மருந்துக்கடையில் ஓஎஸ்-1 என்று அரை லிட்டர் பாட்டில் கிடைக்கும். நம் ஊர் ஓஆர்எஸ் கரைசல்தான், கலந்தே வருகிறது. பக்கத்துத் தட்டில் போக்காரி ஸ்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் டிரிங்க் இருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து அதை எடுத்து வருபவர்கள் நிறைய. ஓஎஸ்-1இல் 100 மில்லிக்கு உப்பு 0.29 கிராம், சர்க்கரைச்சத்து 2.5 கிராம். போக்காரியில் உப்பு 0.12 கிராம்தான், சர்க்கரைச்சத்தோ 6.2 கிராம். குடல் உப்பையும் குளுக்கோஸையும் சேர்த்து உறிஞ்சும்போதுதான் தண்ணீரும் கூடவே உள்ளே போகும். சர்க்கரை மிஞ்சினால் அதுவே தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து, பேதியைக் கூட்டிவிடும். காய்ச்சலில் வியர்த்தவருக்கு போக்காரி போதும், பேதிக்குப் போதாது.

அங்கேயும் இதே குழப்பம் உண்டு. ஓஆர்எஸ் என்று பெயர் போட்ட இனிப்பு பானங்கள் பெட்டிகளில் விற்றன. 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைத் தடுத்தது. நீ பொடிப் பாக்கெட்டாகவே கேள். உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று அச்சிட்டிருக்க வேண்டும். லிட்டர் பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் ஆறவைத்த தண்ணீரில் கரை. பாதிப் பொடியைக் கண்ணளவில் ஒரு டம்ளரில் போடாதே. உப்பு ஏறினால் வாந்தி வரும், தாகமும் கூடும். ஒவ்வொரு முறை போன பிறகும் ஒரு டம்ளர், வாய் வாயாகக் குடிக்கட்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூனால் கொடு. மிஞ்சியதை 24 மணி நேரத்தில் கொட்டிவிடு. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் உப்பு குறைவு, கரைசலுக்கு மாற்றாகாது.

சாப்பாட்டுக்கு இங்கே ஓகாயு வாங்குவார்கள். குழைந்த அரிசிக் கஞ்சி, பையோடு வெந்நீரில் சூடாக்கினால் போதும். மேலே உமெபோஷி என்ற உப்பு ஊறிய புளிப்புப் பழம் ஒன்றை வைப்பார்கள். நாக்குச் செத்தவருக்கும் இரண்டு வாய் இறங்கும். அம்மாவின் நொய்க்கஞ்சியும் அதேதான். பச்சரிசி நொய்யை எட்டு மடங்கு தண்ணீரில் குழைய விட்டு உப்பு போடச் சொல். பசித்தால் உடனே கொடுக்கலாம், பட்டினி போட வேண்டாம். மறுநாள் இட்லி, வாழைப்பழம். எண்ணெய், காரம், பால் நான்கைந்து நாள் கழித்துப் பார்க்கலாம்.

அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை ஓடுவதால், கரைசல் எவ்வளவு கொடுக்கலாம், மாத்திரையை நிறுத்தி வைக்கணுமா என்று டாக்டரிடம் போனிலாவது கேட்டுவிடு. ஆறேழு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, மலத்தில் ரத்தம், குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை, இதில் ஒன்று இருந்தாலும் கரைசலை நம்பிக் காத்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

அன்புடன்,
அக்கா